சிவந்தால் சந்தேகம், சிவக்காவிட்டால்? - தேனில் சர்க்கரைப் பாகைக் கண்டறியும் இரு சோதனைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் 40 பெட்டி வைத்திருக்கும் தேனீ வளர்ப்பாளர் ஒருவர், ரப்பர் பருவம் முடிந்த கையோடு இரண்டு பாட்டில் தேனுடன் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். புதுத் தேனை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்த்த வியாபாரி, "உடனே கரைகிறது, பாகு கலந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிப் பாதி விலைதான் தருவேன் என்றாராம். "என் கையால் பிழிந்த தேன் சார். ஒரு சொட்டுப் பாகு கிடையாது. இதை எப்படி நிரூபிப்பது?" என்பதுதான் அவர் கேள்வி.

தண்ணீர்ச் சோதனை, தீக்குச்சிச் சோதனை, நகத்தின் மீது துளி நிற்கிறதா என்ற சோதனை - இவை எல்லாமே தேன் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் தண்ணீரின் அடியில் போய்த் தங்கும். நீர்ப்பசை கூடுதலாக உள்ள அசல் தேன் சட்டென்று கரையும். எனவே இவற்றை வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, நற்சான்று தரவும் முடியாது.

இவற்றை விட நம்பகமான இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒன்று, ஒளிவிலகல்மானியில் ஈரப்பதம் பார்ப்பது. மற்றொன்று, ஃபீஹே சோதனை எனப்படும் நிறமாற்றச் சோதனை. அவர் கொண்டுவந்த இரண்டு பாட்டில்களுடன் தெருவில் விற்பவரிடம் வாங்கிய ஒரு பாட்டிலையும், நானே கலந்த ஒரு பாட்டிலையும் சேர்த்து நான்கையும் சோதித்தோம். இந்தச் சோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அந்த நான்கு பாட்டில்களே விளக்கிவிடும்.

ஈரப்பதம்: வெப்பநிலையைக் கவனியுங்கள்

ஒளிவிலகல்மானியை ரெஃப்ராக்டோமீட்டர் என்ற பெயரில்தான் கடைகளில் கேட்க வேண்டும். கண்ணாடிப் பட்டகத்தின் மீது இரண்டு துளி தேன் விட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் இடம்தான் அளவு. தேனில் நீர் குறையக் குறைய அதன் ஒளிவிலகல் எண் கூடும். 20 டிகிரி செல்சியஸில் இந்த எண் 1.4865 என்றால் ஈரப்பதம் 20 சதவீதம், 1.4915 என்றால் 18 சதவீதம், 1.4815 என்றால் 22 சதவீதம். அதாவது எண் 0.0025 குறைந்தால் ஈரப்பதம் 1 சதவீதம் கூடுகிறது.

இதில் பலரும் சறுக்கும் இடம் வெப்பநிலை. அட்டவணை 20 டிகிரிக்கு உரியது. நம் ஊரில் அறை வெப்பநிலை 30 டிகிரி இருக்கும். 20-க்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 0.00023 கூட்டிக்கொள்ள வேண்டும். அவருடைய புதுத் தேன் 30 டிகிரியில் 1.4770 காட்டியது. திருத்தாமல் அட்டவணையைப் பார்த்தால் ஈரப்பதம் 23.8 சதவீதம் என்று வரும். பத்து டிகிரிக்கு 0.0023 கூட்டினால் 1.4793, உண்மையான ஈரப்பதம் 22.9 சதவீதம். வெயிலைக் கணக்கில் எடுக்காததால் மட்டுமே ஏறக்குறைய 1 சதவீதம் பிழை வந்துவிடுகிறது.

கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை வெப்பநிலையைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் அவை பொதுவாக 30 டிகிரி வரைக்கும்தான் அப்படிச் செய்யும். எனவே காலை நேரத்தில், நிழலில் வைத்துப் பாருங்கள். தேனை விட்டபின் அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். தேனுக்கான கருவியின் அளவுகோல் தண்ணீரின் அளவுக்கு இறங்காது என்பதால் அதைத் தண்ணீரைக் கொண்டு சரிபார்க்க முடியாது. கூடவே தரும் எண்ணெயையோ கண்ணாடித் துண்டையோ பயன்படுத்த வேண்டும். 'பிரிக்ஸ்' அளவு மட்டும் காட்டும் கருவியாக இருந்தால், 100-லிருந்து அதைக் கழித்து ஈரப்பதம் என்று எழுதிவிடாதீர்கள். பிரிக்ஸ் என்பது கரும்புச் சர்க்கரைக் கரைசலுக்கான அளவு. தேனுக்கு அப்படிக் கழித்தால் ஈரப்பதம் ஒன்றரை சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தெரியும். தேன் உறைந்திருந்தால் மூடிய பாட்டிலோடு 50 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் வைத்து முழுவதும் உருக்கி, ஆறிய பிறகே அளக்க வேண்டும்.

நிறம்: சிவப்பு எங்கிருந்து வருகிறது?

சர்க்கரைப் பாகில் அமிலம் சேர்த்துக் காய்ச்சினால் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடையும். தேனின் இனிப்பும் இந்த இரண்டால் ஆனதுதான் என்பதால், கலப்படத்துக்கு வசதியான பாகு இது. ஆனால் அமிலமும் சூடும் சேரும்போது ஃபிரக்டோஸின் ஒரு பகுதி நீரை இழந்து ஹைட்ராக்ஸி மெத்தில் ஃபர்ஃபுரால் என்ற பொருளாக மாறுகிறது. சுருக்கமாக எச்.எம்.எஃப். என்பார்கள். அடையிலிருந்து புதிதாகப் பிழிந்த தேனில் இது மிகச் சொற்பமாகவே இருக்கும். ஃபீஹே சோதனை தேடுவது இதைத்தான்.

2 கிராம் தேனை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, பிரிபுனலில் 30 மில்லி ஈதர் சேர்த்துக் குலுக்க வேண்டும். எச்.எம்.எஃப். ஈதருக்குள் வந்துவிடும், சர்க்கரை தண்ணீரிலேயே தங்கிவிடும். மேலே நிற்கும் ஈதர் அடுக்கைப் பிரித்தெடுத்து, சுமார் 5 மில்லி ஆகும்வரை ஆவியாக விட வேண்டும். பிறகு ரிசார்சினால் கரைசல் 2 மில்லி சேர்த்துக் குலுக்க வேண்டும். இந்தக் கரைசல், 1 கிராம் ரிசார்சினாலை 100 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து அன்றன்றே தயாரிப்பது. ஒரு நிமிடத்துக்குள் செர்ரிப் பழச் சிவப்பு தோன்றினால் சோதனை நேர்மறை. மஞ்சளோ, வெளிர் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்போ வந்தால் அதற்குப் பொருள் இல்லை.

பழைய ரிசார்சினால் கரைசல் தானே நிறம் மாறி ஏமாற்றும். அதனால் பாகு கலக்காதது என்று நிச்சயமாகத் தெரிந்த புதுத் தேன் ஒன்றையும் பக்கத்திலேயே சோதித்து ஒப்பிட வேண்டும். இன்னொன்று: ஈதர் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையோடு மேசையாகத் தவழ்ந்து தொலைவில் உள்ள நெருப்பையும் எட்டிவிடும். எனவே இது அடுப்படியில் செய்யும் சோதனை அல்ல. புகைபோக்கி வசதியுள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

நான்கு பாட்டில்கள் சொன்ன பாடம்

முதல் பாட்டில், அவருடைய புதுத் தேன். ஈரப்பதம் 22.9 சதவீதம், சிவப்பு வரவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனுக்கு விதித்துள்ள ஈரப்பத உச்சவரம்பு 20 சதவீதம். அந்த அளவில் இது தரம் தவறிய தேன்தான். ஆனால் அதனாலேயே பாகு கலந்தது ஆகிவிடாது. ஈரக்காற்று வீசும் பகுதிகளில் இந்தியத் தேனீயின் தேனில் ஈரப்பதம் கூடுதலாக இருப்பது வழக்கம். மெழுகு மூடி போடும் முன்பே அடையை எடுத்துச் சுற்றியதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது பாட்டில், அவருடைய போன வருடத் தேன். ஈரப்பதம் 18.5 சதவீதம். ஆனால் சோதனைக் குழாயில் சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. அவர் முகம் வாடிவிட்டது. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது: தேன் புளிக்காமல் இருக்க நேரடியாக அடுப்பில் வைத்துச் சுண்டவைத்து, தகரக் கூரையின் கீழ் கோடை முழுவதும் வைத்திருந்திருக்கிறார். தேனும் அமிலத்தன்மை உடையதுதான். சூடு பட்டால் அதிலும் எச்.எம்.எஃப். உண்டாகும். ஒரு கிலோ தேனில் 30 மில்லிகிராம் அளவுக்கு அது சேர 30 டிகிரியில் 5 முதல் 8 மாதங்கள் ஆகும். 40 டிகிரியில் 20 முதல் 50 நாட்கள் போதும்; 70 டிகிரியில் சில மணி நேரமே போதும். அவர் பாகு கலக்கவில்லை. தேனைச் சூட்டால் கெடுத்திருக்கிறார்.

மூன்றாவது, தெருவில் வாங்கியது. ஈரப்பதம் 19 சதவீதம். அமிலக் கரைசல் பட்டதுமே அடர் சிவப்பு. இரண்டாவது பாட்டிலையும் இதையும் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் பிரிக்க முடியாது. அதற்கு நிறமாலைமானியில் எச்.எம்.எஃப். அளவை எண்ணாகவே அறிய வேண்டும். ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. தேனைச் சூடாக்காமல், வெயில் படாமல் வைத்திருந்தும் பல நூறு மில்லிகிராம் இருக்குமானால், அமிலமிட்டுக் காய்ச்சிய பாகு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு.

நான்காவதுதான் முக்கியம். முதல் பாட்டில் தேனையும், பேக்கரிகளுக்கு விற்கும் திரவ குளுக்கோஸையும் சரிபாதியாக நானே கலந்தது. ஒளிவிலகல்மானி 19.5 சதவீதம் காட்டியது, வரம்புக்குள் வந்துவிட்டது! சிவப்பும் வரவில்லை. காரணம், திரவ குளுக்கோஸ் மாவுப்பொருளை நொதிகளால் உடைத்துச் செய்வது. அதில் ஃபிரக்டோஸ் அநேகமாக இல்லை. ஒளிவிலகல்மானிக்கோ தேனின் சர்க்கரை, பாகின் சர்க்கரை என்ற வேறுபாடு தெரியாது. ஆக, கலப்படமில்லாத தேன் ஈரப்பதத்தில் தவறியது. பாதிக்குப் பாதி கலப்படம் இரண்டு சோதனையிலும் தேறியது.

இத்தகைய கலப்படத்தைப் பிடிக்க மேல்நிலை ஆய்வுகள் வேண்டும். கரும்பு, மக்காச்சோளப் பாகுகளைக் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு காட்டிக்கொடுக்கும். அரிசி, மரவள்ளிப் பாகுகள் அதிலும் தப்பிவிடும். அவற்றுக்குத் தேனில் இயல்பாக இல்லாத நீள்தொடர் சர்க்கரைகளைத் தேடும் ஆய்வு தேவை.

நீங்கள் செய்ய வேண்டியது

தேன் வாங்கிச் சேகரிப்பவராக இருந்தால், சிவந்த மாதிரியை ஒதுக்கி வைத்து எச்.எம்.எஃப். அளவுக்கு அனுப்புங்கள். அந்தத் தேனைக் காய்ச்சினார்களா, எங்கே, எத்தனை மாதம் வைத்திருந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிவக்காத மாதிரிக்கு 'சுத்தமான தேன்' என்று சீட்டு ஒட்டிவிடாதீர்கள். 'இந்தச் சோதனையில் குறை தென்படவில்லை' என்பதுதான் சரியான குறிப்பு.

தேனீ வளர்ப்பவராக இருந்தால், அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடிய பிறகே தேன் எடுங்கள். எடுத்த அன்றே ஈரப்பதம் பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் அடுப்பில் சுண்டவைக்காதீர்கள். கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் உள்ள ஈரம் நீக்கும் கருவியில் கொடுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சிறு பாட்டில் தேனை நாள் குறித்து, மூடி முத்திரையிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உங்கள் தேன் மீது சந்தேகம் எழுந்தால் ஒப்பிட்டுக் காட்ட அதுவே சாட்சி.

அந்த வளர்ப்பாளர் அடுத்த பருவத்தில் மூடிய அடைகளை மட்டும் எடுத்தார். ஈரப்பதம் 20.4 சதவீதம். வரம்பை எட்ட இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும் என்றேன். "அதை ஈரம் நீக்கும் கருவியில் பார்த்துக்கொள்கிறேன் சார். இனி அடுப்புப் பக்கம் கொண்டு போகமாட்டேன்" என்றார்.