கவுண்டரில் முதல் வார்த்தை

தாலுகா அலுவலகக் கவுண்டரில் போய் நின்றதும் பெரும்பாலும் காதில் விழுவது, "ஃபாரம் எழுதிட்டு வந்தீங்களா?" என்ற கேள்விதான். படித்தவருக்கு அது சாதாரணக் கேள்வி. எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு வந்த வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. எழுத வராது என்று பத்துப் பேர் நடுவில் சொல்லக் கூச்சப்பட்டு, வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போய்க் காசு கொடுக்கிறார். அல்லது பேசாமல் வீடு திரும்பிவிடுகிறார்.

இவர்கள் எங்கோ இருக்கும் சிலரல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 80 சதவீதம். ஐந்தில் ஒருவர் அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தார். செய்தித்தாளின் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட அரசு விண்ணப்பத்தின் நடையில் தடுமாறுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்தை வைத்து இவர்களை அடையாளம் காண முடியாது. தன் பெயரை மட்டும் எழுதப் பழகியவர்கள் ஏராளம். "கண்ணாடி எடுத்துட்டு வரலை", "வீட்டுல பையன்கிட்ட குடுத்து எழுதிட்டு வர்றேன்" என்பவை அடிக்கடி கேட்கும் சமாளிப்புகள். ஃபாரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பதும், சொல்வதற்கெல்லாம் "சரிங்க, சரிங்க" என்பதும் அப்படித்தான். அதற்காக "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிடக் கூடாது. கண்ணாடியை உண்மையிலேயே மறந்தவரும் இருப்பார். எப்படியிருந்தாலும் அந்தக் கேள்வி மனதைப் புண்படுத்தும்.

ஆகவே, வருகிற எல்லாரிடமும் ஒரே மாதிரி தொடங்குவதே நல்ல வழி. "வாங்க, என்ன வேலையா வந்தீங்க?" இது முதல் வாக்கியம். பதிலைக் கேட்டபின், "நீங்களே எழுதுறீங்களா, இல்ல சொல்லச் சொல்ல நான் எழுதிக்கட்டுமா?" இது இரண்டாவது. பட்டதாரியிடமும் இதையே கேட்பதால், உதவி கேட்பவர் தனியாகத் தெரிவதில்லை.

முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஓ.ஏ.பி. பணத்துக்கு எழுதிக் குடுக்கணும் சாமி" என்கிறார். "உட்காருங்கம்மா, கொண்டு வந்த கார்டெல்லாம் எடுங்க" என்கிறார் ஊழியர். பாட்டி மஞ்சப்பையைப் பிரிக்கிறார். ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பேங்க் பாஸ்புக் இல்லை. "வங்கிக் கணக்குப் புத்தக நகல் இணைக்கவும்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் பயனில்லை. மேசையில் ஒட்டியிருக்கும் பாஸ்புக் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஒண்ணு பேங்க்ல குடுத்திருப்பாங்க, அதோட முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றால் புரிந்துவிடும்.

எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். மை துடைக்க ஒரு துணி பக்கத்தில் இருப்பது மரியாதை. திரும்பி வரவேண்டிய நாளை "வர்ற வெள்ளிக்கிழமை காலையில" என்று சொல்லி, ஒப்புகைச் சீட்டில் தேதியைப் பெரிய எண்ணாக எழுதலாம். எழுத்து தெரியாதவர்களில் பலருக்கு ரூபாய் நோட்டும் பஸ் நம்பரும் பழகியிருப்பதால் எண்கள் பிடிபடும்.

கடைசியாக ஒன்று பாக்கி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்மா, அடுத்த தடவை என்ன கொண்டு வருவீங்க?" என்று கேட்க வேண்டும். "ஆதார் ஜெராக்ஸ்" என்று பாட்டி சொன்னால், ஊழியர் மறுபடியும் பாஸ்புக் படத்தைக் காட்டி விளக்குவார்.

வரிசை நீளமாக இருக்கும் நாளில் இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி நியாயமானது. முதல் இரண்டு வாக்கியங்களுக்கு அரை நிமிடம் போதும். எழுதுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு மேசையும் ஆளும் வேண்டும். அந்த மேசை வரிசையிலிருந்து தள்ளியிருந்தால், கணவர் இறந்ததையும் பிள்ளைகள் சோறு போடாததையும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியிருக்காது. பலன் இருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு: ஒரே வேலைக்கு, தாள் குறைகிறது என்று மறுபடி வருகிறவர்களின் எண்ணிக்கையை மாதாமாதம் குறித்துவைத்தால் தெரிந்துவிடும்.

இது ஊழியரின் நல்ல மனதை மட்டும் நம்பிய விஷயமுமல்ல. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 6-ஆவது பிரிவு, எழுதித் தர முடியாதவர் வாய்மொழியாகக் கேட்பதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்கிறது. காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லும் புகாரை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் சட்டம்தான். தகவலுக்கும் புகாருக்கும் உள்ள இந்த முறையை உதவித்தொகைக் கவுண்டருக்கும் கொண்டுவர, ஒரு மேசையும் ஒரு படத்தாளும் எழுத ஓர் ஆளும் இருந்தால் போதும். தாசில்தார்கள் தங்கள் அலுவலகத்தில் இதை வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.