கேமராவிற்கு இன்சூரன்ஸ்: சீரியல் எண்ணைப் படத்திலிருந்தே எடுக்கலாம்

வீட்டிற்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் பலரும், வீட்டில் உள்ள டிஜிட்டல் கேமராவிற்கும் எல்லா வகையிலும் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று எண்ணுகின்றனர். 2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் வழங்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி, தீ, வெள்ளம் போன்றவற்றால் வீட்டுப் பொருள்களுக்கு ஏற்படும் சேதத்திற்கு இழப்பீடு தருகிறது. திருட்டைப் பொறுத்தவரை, அத்தகைய விபத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடந்தால் மட்டுமே பணம் கிடைக்கும். பேருந்துப் பயணத்தில் கேமரா பறிபோனால் இது உதவாது. அதற்கு "ஆல் ரிஸ்க்" எனப்படும் பிரிவில், கேமராவைத் தனிப் பொருளாகப் பட்டியலிட்டுச் சேர்க்க வேண்டும்.

பட்டியலில் எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கேமராவின் இன்றைய விலை ரூ.80,000, லென்ஸின் விலை ரூ.40,000. ஆனால், பாலிசியில் "கேமராவும் லென்ஸும், ரூ.60,000" என்று ஒரே வரியில் உள்ளது. மொத்த மதிப்பில் பாதிக்குத்தான் இன்சூரன்ஸ் உள்ளதால், பல பாலிசிகளில் இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். லென்ஸ் மட்டும் தொலைந்தால் ரூ.20,000தான். தேய்மானமும் கழிக்கப்படலாம். எனவே, ஒவ்வொன்றையும் தயாரிப்பு நிறுவனம், மாடல், சீரியல் எண், இன்றைய விலை ஆகியவற்றுடன் தனித்தனி வரியாகத் தரவும்.

இழப்பீடு கேட்கும்போது, பொருள் உங்களுடையதுதான் என்பதற்கும் அதன் விலைக்கும் ஆதாரம் கேட்பார்கள். சீரியல் எண் உள்ள பில்லே முதல் ஆதாரம். பில்லில் எண் இல்லை, கேமராவும் போய்விட்டது என்றால் என்ன செய்வது? அதில் எடுத்த பழைய படம் கைகொடுக்கலாம். பல கேமராக்கள் ஒவ்வொரு படத்திற்குள்ளும் மாடல், தேதி, சீரியல் எண் ஆகியவற்றைப் பதிந்து வைக்கின்றன. விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து Properties தேர்ந்தெடுக்கவும். Details டேபில் Camera serial number என்ற வரியைப் பார்க்கவும். அது காலியாக இருந்தால், எக்ஸிஃப்டூல் என்ற இலவச புரோகிராமை நிறுவி இந்தக் கட்டளையைத் தரவும்:

```
exiftool -Model -SerialNumber IMG_0001.JPG
```

கேமராவிலிருந்து நேரடியாகக் காப்பி செய்த பைலையே பயன்படுத்தவும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இத்தகவல்கள் நீங்கிவிடும். எண்ணையே பதியாத கேமராக்களும் உண்டு. ஆகவே, கேமரா கையில் இருக்கும்போதே அதன் அடியில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

ஒன்றை நினைவில் கொள்ளவும். இந்த எண் கேமராவை அடையாளம் காட்டுமே தவிர, விலையைச் சொல்லாது. விலைக்குப் பில்தான் வேண்டும். பழைய வீணை, ஓவியம் போன்றவற்றுக்குப் பில்லோ சீரியல் எண்ணோ இருக்காது. அவற்றுக்கு மதிப்பீட்டாளரின் சான்றிதழைப் பாலிசி எடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும். தொலைந்த பின் எதைப் பார்த்து அவர் மதிப்பிடுவார்?

பில், படங்கள், சான்றிதழ் அனைத்தையும் ஸ்கேன் செய்து உங்களுக்கே இமெயிலில் அனுப்பி வைக்கவும். கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால், கேமராவுடன் அதுவும் திருடு போகும்போது ஆதாரமும் சேர்ந்தே போய்விடும்.