கடவுச்சொல் சரிதான், கீபோர்டு மாறிவிட்டது

நேற்றுவரை திறந்த கணக்கு இன்று "கடவுச்சொல் தவறு" என்கிறது. திரும்ப அடித்தாலும் அதே பதில். நினைவில் கோளாறு என்று முடிவுகட்டுவதற்கு முன், திரையின் வலது கீழ் மூலையைப் பார்க்க வேண்டும்.

கீபோர்டு எழுத்துகளைக் கணினிக்கு அனுப்புவதில்லை. எந்த இடத்திலுள்ள விசை அமுங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதை, அப்போது தேர்வாகியிருக்கும் கீபோர்டு அமைப்பு தீர்மானிக்கிறது. விசையின் மேல் அச்சிட்டிருப்பதற்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இந்தியாவில் விற்கும் கணினிகளில் பெரும்பாலும் அமெரிக்க அமைப்புதான். அதில் ஒருவரின் கடவுச்சொல் `Kaveri@27#` என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் பிரிட்டன் அமைப்பும் சேர்க்கப்பட்டிருந்து, தட்டச்சு செய்யும்போது Alt, Shift இரண்டும் சேர்ந்து அமுங்கினால் அமைப்பு மாறிவிடக்கூடும். அதே விரல்கள் அதே விசைகளை அழுத்தினாலும் பெட்டிக்குள் போவது இதுதான்:

```
Kaveri"27£
```

பிரிட்டன் அமைப்பில் Shift-உடன் 2 அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறியும், 3 அழுத்தினால் பவுண்டு குறியும் வரும். மற்ற எழுத்துகள் அப்படியே இருக்கும். திரையில் தெரிவது பத்துப் புள்ளிகள் மட்டும் என்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பிலும், கீபோர்டு ஓர் அமைப்பாகவும் விண்டோஸ் வேறோர் அமைப்பாகவும் இருந்தால், இதே சிக்கல் வரும்.

தமிழ் அமைப்புக்கு மாறியிருந்தால் எழுத்துகளே வேறாகிவிடும். தமிழ்99-இல் h விசை ‘க’ தரும், l விசை ‘த’ தரும். சில மென்பொருள்கள் கடவுச்சொல் பெட்டியில் தமிழைத் தாமாகவே நிறுத்திவிடும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

அமைப்பு மாறியிருந்த நேரத்தில் புதிய கடவுச்சொல் வைத்தவர்களுக்குச் சங்கடம் இன்னும் பெரிது. அந்தக் கணினியில் அது வேலை செய்யும். செல்பேசியில் @ என்று சரியாக அடித்தால் திறக்காது, ஏனென்றால் கணக்கில் பதிவானது மேற்கோள் குறி.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் Shift+2, Shift+3 இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம். முழுக் கடவுச்சொல்லையும் அங்கே அடிக்கக் கூடாது. @ குறியும் # குறியும் வராவிட்டால் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி, சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸின் நுழைவுத் திரையிலேயே சிக்கினால், ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உள்ள கணினியில் மொழிக்குறி அங்கேயும் வலது கீழ் மூலையில் இருக்கும். அங்கே கிடைக்கும் திரைக் கீபோர்டைத் திறந்தால், எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது அப்படியே தெரியும்.

தேவையில்லாத அமைப்புகளை மொழி அமைப்புகளிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. அடுத்த முறை கடவுச்சொல் மாற்றும்போது !, $, % ஆகிய குறிகளைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க, பிரிட்டன் அமைப்புகள் இரண்டிலும் அவை ஒரே விசையில்தான் இருக்கின்றன.