பத்து நாளில் பன்னிரண்டு கலையா?

எங்கள் தெருவில் ஓவிய ஆசிரியர் ஒருவர் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார். ஆட்டோ ஒலிபெருக்கிக்கும் வாட்ஸ்அப் குரல்பதிவுக்கும் ஒரு நிமிட விளம்பரம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். ஊரெல்லாம் ஒலிக்கும் வாசகங்களைப் பார்த்து நானும் எழுதினேன்: "பத்தே நாளில் பன்னிரண்டு கலைகள்!" படித்துவிட்டு அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

முகாம் தினமும் இரண்டரை மணி நேரம். பிள்ளைகள் வந்து உட்காரவும் நடுவில் தின்பண்டம் சாப்பிடவும் 20 நிமிடம் போய்விடும். மீதி 130 நிமிடம். பத்து நாளைக்கு 1,300 நிமிடம். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு கலைக்கு 108 நிமிடம். அதிலும் பொருளை எடுத்து வைத்து, முடிந்ததும் கழுவித் துடைக்க 20 நிமிடம் வேண்டும். "மிச்சத்தில் பதினைந்து பிள்ளைங்க கையைப் பிடிச்சுச் சொல்லித் தரணும். ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிஷம்கூட இல்லை சார். களிமண் காயவே ஒரு வாரம் ஆகுமே!" என்றார்.

அந்தக் கடைசி வரிதான் என்னைத் திருப்பியது. விளம்பரங்களில் 'களிமண் கலை' என்ற இரண்டு சொல் அடிக்கடி வருகிறது. அதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் மண்ணை நன்றாகப் பிசைய வேண்டும். பிறகு எலுமிச்சை அளவு உருண்டை. நடுவில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிள்ளினால் கிண்ணம் வரும். பிள்ளைகள் ஆசையாகக் காது, வால், கைப்பிடி எல்லாம் ஒட்டுவார்கள். சும்மா அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறி, தண்ணீரில் கரைத்த மண்குழம்பைத் தடவித்தான் ஒட்ட வேண்டும். ஒருமுறை உதிர்ந்து, மறுமுறை கீறி ஒட்டும்போதுதான் பிள்ளைக்கு அது கைவரும். ஒரே நாள் வகுப்பில் அந்த மறுமுறை கிடையாது.

அடுத்தது காயவைப்பது. மே மாத வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும், விரிசல் விழும். அதனால் நிழலில், முதல் நாள் ஈரத்துணி மூடி, மெதுவாகக் காயவைக்க வேண்டும். மெல்லிய கிண்ணத்துக்கே ஐந்தாறு நாள் ஆகும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்; சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளைக்குப் போனால் தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பொருளை உடைத்துவிடும். தடிமனான யானை, பிள்ளையார் பொம்மைகள்தான் இதில் அதிகம் வெடிக்கின்றன. அவற்றின் உள்ளே குடைந்துவிட வேண்டும்.

சுடாமல் வண்ணம் பூசி அன்றைக்கே கொடுத்தனுப்பலாம். அலமாரியில் வைக்க அது போதும். ஆனால் அதில் தண்ணீர் ஊற்றினால் மண் கரையும். அதைச் சொல்லாமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசை ஆசையாகச் செய்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காத பிள்ளை உண்டா?

அவர் திட்டம் இது. முதல் வாரம் திங்கள் முதல் புதன் வரை மண். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கிண்ணம், ஏனென்றால் ஒன்று உடையலாம். மண் காய்கிற நாட்களில் காகிதக்கூழ் முகமூடி. அடுத்த செவ்வாய் மாலை எல்லாம் குயவர் சூளைக்குப் போகும். இரவு சுட்டு, ஆறவிட்டு, வியாழன் எடுப்பார்கள். வெள்ளி வண்ணம். பன்னிரண்டு கலை இரண்டாகிவிட்டது.

இதைக் கேட்ட பிறகு, வேறு முகாமுக்குப் போகும் பெற்றோர் களிமண்ணைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. சுடுவீர்களா, எந்த நாள் சுடுவீர்கள்? சொல்லிக் கொடுப்பவருக்கு வேலை தெரிந்திருந்தால் உடனே கிழமை சொல்வார். சுடுவதில்லை என்று நேராகச் சொன்னாலும் நம்பலாம். "எல்லாம் பண்ணுவோம்" என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பழைய தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒலிபெருக்கியில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் காதில் ஏறாது. அதனால் இவ்வளவுதான்:

"பெற்றோர்களே, எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம். திங்கள் முதல் வெள்ளி வரை, இரண்டு வாரம், காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. கற்றுத் தருவது இரண்டே: களிமண் கிண்ணம், காகிதக்கூழ் முகமூடி. பதினைந்து பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒருவர், உதவியாளர் ஒருவர். மண், வண்ணம், சூளைக்கூலி எல்லாம் கட்டணத்தில் அடக்கம். அழுக்கானால் பரவாயில்லை என்ற சட்டையைப் போட்டு அனுப்புங்கள். உங்கள் பிள்ளை இரண்டு கிண்ணம் செய்யும். சூளையில் ஒன்று உடைந்தாலும் ஒன்று வீட்டுக்கு வரும். அதில் தண்ணீர் ஊற்றலாம்."