தண்ணீர்ப் பரிசோதனை முடிவு: அறுபது வீட்டுக்கும் எப்படி எழுதுவது?

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். போர்வெல், சம்ப், இரண்டாம் மாடிக் குழாய் என மூன்று இடங்களில் எடுத்த தண்ணீருக்கு ஆய்வகம் அறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை அறுபது வீட்டுக்கும் மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

அறிக்கை தொடங்கும் இடத்திலிருந்து வேண்டாம். ஆய்வக அட்டவணை பெரும்பாலும் நிறம், மணம், கரைந்த உப்பு என்று போய், கிருமிப் பரிசோதனையைக் கடைசியில் வைக்கும். அதே வரிசையில் சுருக்கினால் "நிறம் சரி, மணம் சரி" என்று படித்தவர் நாலாவது வரியில் செல்போனை மூடிவிடுவார்.

அப்படியானால் முதல் வரி எது? படிப்பவர் இன்று என்ன செய்ய வேண்டும் என்பதுதான். உதாரணமாக இப்படி:

"மறு அறிவிப்பு வரும்வரை குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். சம்பிலும் குழாயிலும் கோலிஃபார்ம் (வெளியிலிருந்து அழுக்கு புகுந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா வகை) இருக்கிறது; போர்வெல்லில் இல்லை. அதனால் சம்பையும் அதற்கு வரும் குழாயையும்தான் சந்தேகிக்கிறோம். சனிக்கிழமை சம்பைக் கழுவி, குளோரின் போட்டு, மறுபடி பரிசோதிப்போம்."

இதில் உள்ள முக்கியமான செய்தி எந்த அட்டவணையிலும் நேரடியாக இருக்காது. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். உங்கள் வேலை அதுதான். எண்களைப் பெயர்த்தெழுதுவது அல்ல.

"சாக்கடை கலந்துவிட்டது" என்றே எழுதிவிடலாமா? கூடாது. அட்டவணையில் ஈ.கோலை (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) என்று தனி வரி இருக்கும். அது "இல்லை" என்றால், கோலிஃபார்ம் மட்டும் மண் வழியாகவும் வந்திருக்கலாம். கொதிக்க வைக்கச் சொல்வது அப்போதும் சரியே. காரணத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள்.

"எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்று பலர் கேட்பார்கள். பல் துலக்குவதும் பச்சையாகச் சாப்பிடும் காயைக் கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தான் என்று அடுத்த பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும் என்பதையும் சேர்த்தால், எத்தனை நேரம் என்ற தொலைபேசி அழைப்புகள் குறையும்.

எண்களே வேண்டாமா? ஒன்றிரண்டு போதும், ஆனால் எதோடு ஒப்பிட்டது என்பது கூடவே வர வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று வந்திருக்கட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 (2012) இதற்கு இரண்டு வரம்புகள் சொல்கிறது: ஏற்கத்தக்கது 500, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. ஆகவே "வரம்பைத் தாண்டியது", "வரம்புக்குள் இருக்கிறது" என்று இருவர் சண்டை போட்டால் இருவரும் சரி. இரண்டு வரம்பையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கொதிக்க வைத்தால் உப்பு போகாது என்பதையும் சொல்லுங்கள். கோலிஃபார்முக்கு இந்த இரட்டை வரம்பு கிடையாது: 100 மில்லிலிட்டரில் ஒன்றுமே தென்படக்கூடாது.

சில கட்டங்களில் பி.டி.எல். என்று இருக்கும். கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று பொருள். அதை "பூஜ்யம்" என்று மாற்றி எழுதாதீர்கள்.

இணைப்புகளை என்ன செய்வது? "விவரம் இணைப்பில்" என்று விட்டால் யாரும் திறக்க மாட்டார்கள்; `scan0043.pdf` என்ற பெயரைப் பார்த்து யார் திறப்பார்? கோப்பின் பெயரை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றும் என்ன, யார் பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்:

"இணைப்பு 1, ஆய்வக அறிக்கை. மூன்று பக்கம். சந்தேகம் உள்ளவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். இணைப்பு 2, பழைய பரிசோதனைகளின் எக்செல் பட்டியல். சென்ற ஆண்டு மாதிரி போர்வெல்லில் மட்டும் எடுக்கப்பட்டது. இந்த ஆண்டு குழாய் முடிவோடு அதை ஒப்பிட வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், போன வருடம் நன்றாக இருந்த தண்ணீர் உங்கள் காலத்தில் கெட்டது என்று யாராவது கணக்குப் போட்டுவிடுவார்.

மாதிரி எடுத்த தேதியையும் போடுங்கள். அறிக்கை சொல்வது அந்த ஒரு நாளின் தண்ணீரை மட்டுமே. மறுபரிசோதனைக்கும் அதே மூன்று இடங்களில் எடுங்கள். முடிவு வந்ததும் அனுப்பும் மின்னஞ்சலின் முதல் வரி, கொதிக்க வைப்பதை நிறுத்தலாமா வேண்டாமா என்பதாக இருக்கட்டும்.