வெள்ளிக்கிழமை வரை கரைக்காத மருந்து

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் விருதுநகர் மாவட்டத்துக் குழந்தை மருத்துவர்களிடம் மாலை நேரத்தில் கூட்டம் கூடும். முதலில் சளி, நாலைந்து நாளில் காதுவலி. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பயர் ஆபீஸ் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இது பெரும் சோதனை. ராத்திரி முழுக்கப் பிள்ளை அழும். விடிந்ததும் வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்து நிற்கும். ஏறாவிட்டால் அன்றைய கூலி போச்சு. "ஒரே நாள்ல நிக்கிற மாதிரி நல்ல ஆன்டிபயாடிக்கா குடுங்க டாக்டர்" என்று அவர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முதல் நாள் வலியை ஆன்டிபயாடிக் தொடுவதே இல்லை.

காரணம் காதின் அமைப்பில் இருக்கிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகச் சரிந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாகக் கிடைமட்டமாக இருக்கும். சளி பிடித்துக் குழாய் வீங்கி அடைத்துக்கொண்டால், நடுக்காதில் நீர் தேங்கும். மூக்கிலிருந்து போன கிருமிகள் அதில் பெருகிச் சீழாக்கும். சீழின் அழுத்தம் செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளும்போதுதான் உயிர்போகிற வலி வருகிறது. படுத்தால் அழுத்தம் கூடும். அதனால்தான் இரவில் அழுகை அதிகம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். தேங்கிய நீரை அதனால் உடனே வடிக்க முடியாது.

இதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் தொகுப்பாய்வின்படி, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 60 சதவீதப் பிள்ளைகளுக்கு வலி நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. 20 பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடுதலாக ஒரு பிள்ளைக்கு வலி குறைகிறது. அதே நேரம் 14 பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு அந்த மருந்தாலேயே வயிற்றுப்போக்கோ வாந்தியோ தடிப்போ வருகிறது.

அப்படியானால் மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "மூன்று நாள் பாருங்கள், குறையாவிட்டால் வாங்குங்கள்" என்று சொன்னால் என்ன? பிரிட்டனில் பால் லிட்டில் என்ற மருத்துவரும் குழுவினரும் இதை 315 பிள்ளைகளிடம் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். பொறுக்கச் சொல்லப்பட்ட குடும்பங்களில் கால்வாசிப் பேர்தான் கடைசியில் ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்தினார்கள். உடனே மருந்து தொடங்கிய பிள்ளைகளுக்கு நோய் ஒரு நாள் முன்னதாகத் தீர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் பலன் முதல் 24 மணி நேரம் கடந்த பிறகே கிடைத்தது. வயிற்றுப்போக்கோ, உடனே தொடங்கியவர்களில் 19 சதவீதம், பொறுத்தவர்களில் 9 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சாத்தூரில் இறக்கிவிடக் கூடாது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை. அங்கே காதுக்குள் பார்க்கும் கருவி எல்லா மருத்துவரிடமும் உண்டு. மூன்றாம் நாள் திரும்பப் போவதும் சுலபம். இந்தியாவிலோ காதில் நாள்பட்டுச் சீழ் வடிவது இன்றும் பெரிய தொல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றில் ஆறு பேருக்கு அது இருந்தது. கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும் காதுவலி என்றால் 5 நாள் ஆன்டிபயாடிக் கொடுக்கவே சொல்கிறது. காதுக்குள் பார்க்கக் கருவி இல்லாத இடத்தில் அது சரியான முடிவுதான். பொறுத்துப் பார்ப்பது, மருத்துவர் செவிப்பறையை நேரில் பார்த்த பிறகு எடுக்கிற முடிவு. பறை சிவந்திருப்பது மட்டும் போதாது. அழுகிற எந்தப் பிள்ளைக்கும் அது சிவக்கும். வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கிறதா என்பதே கேள்வி.

பார்த்த பிறகும் எல்லாப் பிள்ளையும் பொறுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை, இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று உள்ள பிள்ளை, காதிலிருந்து சீழ் வடியும் பிள்ளை, காய்ச்சல் 102.2 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிள்ளை, இரண்டு நாளுக்கு மேலாக வலியால் துடிக்கும் பிள்ளை, அண்ணப்பிளவு அல்லது எதிர்ப்புசக்திக் குறைவு உள்ள பிள்ளை ஆகியோருக்கு அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2013 வழிகாட்டி ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் கிழிக்கிறது.

பட்டாசு ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. காதருகே வெடி வெடித்த பிறகு வலிக்கிறது என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. செவிப்பறை கிழிந்திருக்கலாம். சொட்டு மருந்தோ தண்ணீரோ உள்ளே போகாமல் காது மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இனி ஒரு பிள்ளையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். வயது மூன்று, எடை 12 கிலோ. திங்கள் இரவு வலது காதில் வலி. செவ்வாய் மாலை 6 மணிக்கு மருத்துவர் பார்க்கிறார். பறை பிதுங்கியிருக்கிறது, காய்ச்சல் 100.5, பிள்ளை தண்ணீர் குடிக்கிறது, இடையில் விளையாடவும் செய்கிறது. இது பொறுக்கக்கூடிய காது. மருத்துவர் அமாக்சிசிலின் டிரை சிரப் எழுதி, சீட்டின் மேலேயே "வெள்ளி மாலை 6 மணி வரை வேண்டாம்" என்று குறிக்கிறார். செவ்வாய் மாலையிலிருந்து அது 72 மணி நேரம். பஸ் ஏறி மருந்துக் கடைக்குப் போக வேண்டிய ஊர்க்காரர்கள் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளலாம். டிரை சிரப் தூளாகத்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றாதவரை கெடாது. கரைத்துவிட்டால்தான் ஒரு வாரத்தில் கொட்ட வேண்டும். அதனால் கரைக்காமல் வையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வலி அடங்கிவிட்டால் அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.

அந்த மூன்று நாளும் பிள்ளை வலியோடு கிடக்கக் கூடாது. இங்கேதான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. பாராசிட்டமால் காய்ச்சல் மருந்து என்றே பதிந்துபோனதால், உடம்பு சுடாவிட்டால் கொடுப்பதில்லை. பயந்து அரை மூடி கொடுப்பவர்களும் உண்டு. வலிக்கான அளவு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 7.5 மில்லி கொடுக்க வேண்டும். இரண்டாவதில் 3.5 மில்லியே போதும். பெயர் ஒன்று, நிறம்கூட ஒன்றுபோல இருக்கும். அக்காவுக்கு வாங்கிய 250-ஐ எடுத்துத் தம்பிக்கு 7.5 மில்லி ஊற்றினால் 375 மில்லிகிராம், அதாவது இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி; ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். புட்டியின் மேல் அந்த எண்ணைப் படிக்காமல் அளக்காதீர்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

முதல் இரண்டு நாளும் அழுகை வரும்வரை காத்திருக்காமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. இரவு 10, விடிகாலை 4, காலை 10, மாலை 4 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகக் கூடாது. தாய் விடியலில் வேலைக்குக் கிளம்பினால், காலை 10 மணி மருந்தை அளந்து கொடுக்க வேண்டியவர் பாட்டி. நேரத்தையும் மில்லியையும் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனால், கொடுத்தோமா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டு முறை ஊற்றும் ஆபத்து குறையும். சளி சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரலைப் பாதிக்கும். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

இபுபுரோபனும் காதுவலிக்கு நன்றாகவே கேட்கும். 1996-ல் பிரான்சில் 219 பிள்ளைகளிடம் சோதித்தபோது, 48 மணி நேரம் கழித்தும் வலி இருந்தவர்கள், வெறும் போலி மருந்து பெற்றவர்களில் 25 சதவீதம், பாராசிட்டமால் பெற்றவர்களில் 10, இபுபுரோபன் பெற்றவர்களில் 7. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். அது தனியாக எல்லாப் பிள்ளைக்கும் வலியை அடக்கவில்லை. ஆனால் நம் ஊரில் மழைக்காலமே டெங்கு காலம். டெங்குவில் இபுபுரோபன் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆகவே காய்ச்சல் இருக்கும்போது மருத்துவர் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம். நிமிசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-லேயே தடைசெய்யப்பட்டது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், எதுவும் காதுக்குள் ஊற்ற வேண்டாம். வெளியே இளஞ்சூட்டில் துணி ஒத்தடம் கொடுப்பதில் குற்றமில்லை.

நமது மூன்று வயதுப் பிள்ளைக்கு வெள்ளி மாலையிலும் வலி குறையாமல் இருந்தால் மருந்தைக் கரைத்து, சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் 102.2-க்கு ஏறினாலோ சீழ் வடிந்தாலோ வெள்ளிவரை பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதின் பின்னால் வீங்கிக் காதுமடல் முன்தள்ளி நின்றாலோ, கழுத்து விறைத்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பிள்ளை எழுப்பினாலும் மயங்கிச் சரிந்தாலோ, அந்த நேரமே அரசு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வலி தீர்ந்த பிறகும் சில வாரம் காது மந்தமாக இருக்கலாம். நீர் வடியக் காலமாகும். மூன்று மாதம் கடந்தும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால் கேட்கும் திறனைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஒரு மூடி, மூன்று வேளை" என்பது அளவாகாது. பிள்ளையின் எடை, சிரப்பின் அடர்த்தி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த நாள்வரை பொறுக்க வேண்டும் என்பதைச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.