விழாமல் தாங்கும் பின்தொடை

முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பின்தொடைத் தசைக்கு இரட்டை வேலை. அது நீண்டுகொண்டே போக வேண்டும். அதே நேரத்தில் முழங்கால் விரியும் வேகத்துக்கு பிரேக்கும் போட வேண்டும். ஓட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் கிழிவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நீளும்போதே தாங்கும் இந்தப் பலத்தைக் குறிவைத்து வளர்ப்பதுதான் நார்டிக் கர்ல்.

மெத்தை மேல் முழங்காலிட வேண்டும். கூட்டாளி ஒருவர் பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிப்பார். முழங்காலிலிருந்து தலைவரை உடம்பு ஒரே நேர்கோடாக, மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடம் வந்ததும் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். திரும்ப எழும்போது கையால் தள்ளிக்கொண்டு எழுவதே முறை. பயன் முழுக்க இறங்குவதில்தான் இருக்கிறது. பலரும் இடுப்பை மடித்து இறங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பின்தொடைக்குச் சுமை குறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து யாராவது பார்த்தால் உடனே தெரியும்.

டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. இந்தப் பயிற்சி செய்த அணிகளில் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள். வழக்கமான பயிற்சியோடு நின்ற அணிகளில் 52. இரு பக்கமும் ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய சம எண்ணிக்கை.

எனக்கு அந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் தொடங்கிய விதம். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு செட். அவ்வளவுதான். இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு ஆறாக இரண்டு செட். மூன்றாம் வாரம்தான் மூன்று நாளும் மூன்று செட்டும் வந்தன. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு 12, 10, 8 என மூன்று செட். பத்து வாரம் முடிந்தபின் வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று வைத்தார்கள்.

முதல் நாளில் கொஞ்சம் சாய்ந்ததுமே பொத்தென்று விழுவது இயல்பு. பிடி விடும் அந்த இடம் வாரத்துக்கு வாரம் தரையை நெருங்கினால் பலம் கூடுகிறது என்று பொருள். தொடக்கத்தில் முன்னால் தலையணைகளை அடுக்கி, சாயும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பின்தொடை முழுக்கப் பரவலாக வலிக்கும். ஓரிரு நாளில் தணியும். அதனால்தான் போட்டிக்கு முந்தைய நாள் இதைச் செய்யக் கூடாது. ஒரே புள்ளியில் சுரீரென்று குத்தினால் அது வேறு வலி. உடனே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே காயம்பட்டு இன்னும் ஆறாதவர்கள், அவர் சொன்ன பிறகே தொடங்குவது நல்லது.

இது காயத்தைக் குறைக்கும், ஒழித்துவிடாது. சீசன் ஓய்வில் அடியோடு விட்டுவிட்டால் தசையில் வந்த மாற்றம் சில வாரங்களிலேயே பின்வாங்கத் தொடங்கும். அப்படி விட்டவர்கள் மறுபடி இரண்டு செட், ஐந்து முறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.